பாங்கு, பெயர், முடி: குழந்தையின் முதல் ஏழு நாள் பற்றி வேலூரில் கேட்ட கேள்விகள்

எங்கள் மஹல்லாப் பள்ளியில் மாதம் ஒரு ஞாயிறு லுஹருக்குப் பிறகு, குழந்தை பிறக்கப்போகிற அல்லது புதிதாகப் பிறந்த வீட்டாருக்காக உட்கார்ந்து பேசுவது வழக்கம். பேசுவது அரை மணி நேரம், கேள்விக்குப் பதில் சொல்வது ஒரு மணி நேரம் என்றுதான் ஒவ்வொரு முறையும் முடிகிறது. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். இந்தப் பக்கம் பெரும்பாலும் ஹனஃபி மத்ஹபு என்பதால் அதை ஒட்டியே பதில் இருக்கும். ஷாஃபியில் வேறு மாதிரி இருக்கும் இடங்களில் அதையும் சொல்லியிருக்கிறேன்.

"ஹஜ்ரத், சிசேரியன் ஆகி பிள்ளையைக் கண்ணாடி ரூமில் வச்சுட்டாங்க. மூணாம் நாள்தான் கையில கொடுத்தாங்க. பாங்கு சொல்லாமலே மூணு நாள் போயிடுச்சே, இப்ப சொல்லலாமா?"

தாராளமாகச் சொல்லுங்கள். பிறந்தவுடன் சொல்வது நல்லது, அவ்வளவுதான். இது கடமை அல்ல, விரும்பத்தக்கது. தவறினால் பாவமும் இல்லை, பரிகாரமும் இல்லை.

இந்தக் கேள்விக்குப் பின்னால் இன்னொரு பயம் இருக்கிறது. பாங்கு சொன்னால்தான் பிள்ளை முஸ்லிம் ஆகிறது என்று பல வீடுகளில் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒவ்வொரு குழந்தையும் இயற்கை நெறியான ஃபித்ராவில்தான் பிறக்கிறது என்ற ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. பாங்கு பிள்ளையை எதிலும் சேர்ப்பதில்லை, எதிலிருந்தும் காப்பாற்றி இழுப்பதும் இல்லை.

அப்படியானால் ஏன் சொல்கிறோம்? இப்னுல் கய்யிம் என்ற அறிஞர் பிறந்த குழந்தைகளின் சட்டங்களுக்கென்றே 'துஹ்ஃபத்துல் மவ்தூத்' என்று தனி நூல் எழுதியிருக்கிறார். அதில் அவர் சொல்லும் காரணம் எனக்குப் பிடித்தமானது. உலகத்தை விட்டுப் போகும் மனிதனுக்குக் கடைசியாகக் கலிமாவைச் சொல்லிக் கொடுக்கிறோம். அதேபோல உலகத்துக்குள் வருகிறவனின் காதில் முதலில் விழுவதும் இறைவனின் பெருமையைச் சொல்லும் வார்த்தையாக இருக்கட்டும் என்கிறார். குழந்தைக்கு அது புரியாது. ஆனால் அதன் தடம் உள்ளே இறங்காமல் போகாது என்பது அவர் வாதம்.

பிறப்பில் தொழுகை இல்லாத பாங்கு, ஜனாஸாவில் பாங்கு இல்லாத தொழுகை, இரண்டுக்கும் நடுவில்தான் வாழ்க்கை என்று மேடைகளில் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. அது பேச்சாளர்களின் அழகு, ஹதீஸ் அல்ல.

"எப்படிச் சொல்லணும்? மோதினாரைக் கூட்டிட்டு வரணுமா? இடது காதுல இகாமத் உண்டா?"

மோதினார் வேண்டாம். குழந்தையின் அத்தாவே போதும். அவர் துபாயில் இருந்தால் தாத்தா, மாமா, யார் வேண்டுமானாலும் சொல்லலாம். குழந்தையைக் கையில் ஏந்தி, கிப்லாவை நோக்கி நின்று, வலது காதருகே வாயை வைத்து வழக்கமான பாங்கை முழுதாகச் சொல்ல வேண்டும். சுபுஹு பாங்கில் வரும் 'தூக்கத்தைவிடத் தொழுகை மேலானது' என்ற வரி இதில் இல்லை. 'ஹய்ய அலஸ் ஸலாஹ்' சொல்லும்போது முகத்தை வலப்பக்கமும், 'ஹய்ய அலல் ஃபலாஹ்' சொல்லும்போது இடப்பக்கமும் திருப்புவதை ஹனஃபி நூல்களில் எழுதியிருக்கிறார்கள். பிறகு இடது காதில் இகாமத். வேலூரிலிருந்து கிப்லா நேர் மேற்கு அல்ல, மேற்கிலிருந்து வடக்கே சுமார் 18 டிகிரி சாய்ந்திருக்கும். வார்டில் திசை தெரியவில்லை என்றால் தேடிக்கொண்டு நிற்க வேண்டாம்.

குரல் விஷயத்தில்தான் நான் அதிகம் வற்புறுத்துவேன். ஒருமுறை ஒரு வீட்டில் பெரியவர் ஒருவர் மினாராவில் நிற்பதுபோலக் கத்தினார். குழந்தை உடம்பு குலுங்கிக் கை இரண்டையும் விரித்தது, பிறகு முகம் சிவக்க அழுதது. சுற்றி நின்றவர்கள் 'ஷைத்தான் ஓடுறான்' என்றார்கள். குழந்தை பயந்தது, அதுதான் நடந்தது. காதோரம் வாய் வைத்துக் கத்தினால் பெரியவருக்கே காது அடைத்துப்போகும். பக்கத்துத் தலையணையில் படுத்திருப்பவரிடம் பேசும் குரல் போதும். தாயின் வயிற்றில் இருக்கும்போதே ஓசைகளைக் கேட்டு வளர்ந்த காதுதான் அது. முதல் ஒன்றிரண்டு நாள் காதுக்குள் பனிக்குட நீர் கொஞ்சம் தங்கியிருக்கும். அதனால்தான் பிறந்த அன்றே செய்யும் காது கேட்கும் பரிசோதனையில் சில குழந்தைகளுக்கு 'மறுபடி பார்க்கணும்' என்று வருகிறது. அதைப் பார்த்துப் பாங்கைச் சத்தமாகச் சொல்லாததால் வந்தது என்று யாரும் முடிச்சுப் போட வேண்டாம். மறுபடி பார்க்கச் சொன்ன தேதியில் மட்டும் தவறாமல் போங்கள்.

ஆண் யாரும் உள்ளே போக முடியாத நிலை வருவதுண்டு. அப்போது தாயே சொல்லலாமா என்றால், இது மக்களைத் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு அல்ல என்பதால் பெண் சொன்னாலும் நிறைவேறும் என்று ஷாஃபி நூல்களில் வெளிப்படையாகவே இருக்கிறது. ஆண் சொல்வது சிறப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள், வழி இல்லாதபோது தயங்காதீர்கள். போனில் பதிவு செய்த பாங்கைக் காதில் வைப்பதை மட்டும் நான் ஏற்பதில்லை. அது ஓசை, சொல்பவர் யாரும் இல்லை.

"எங்க அண்ணன் அந்த ஹதீஸே பலவீனம், பாங்கு சொல்றதே பித்அத்துனு சொல்றார். நாங்க யார் சொல்றதைக் கேக்கறது?"

உங்கள் அண்ணன் ஒன்றுமில்லாததைச் சொல்லவில்லை. ஃபாத்திமா (ரலி) ஹசனைப் பெற்றபோது நபி (ஸல்) அவர்கள் குழந்தையின் காதில் பாங்கு சொன்னதைப் பார்த்தேன் என்று அபூ ராஃபிஉ (ரலி) அறிவிக்கும் செய்தி அபூதாவூதிலும் திர்மிதியிலும் இருக்கிறது. திர்மிதி அதை நல்ல, சரியான ஹதீஸ் என்றார். ஆனால் அதன் தொடரில் வரும் ஆஸிம் பின் உபைதுல்லாஹ் என்பவரின் நினைவாற்றலை ஹதீஸ் அறிஞர்கள் பலர் குறை சொல்லியிருக்கிறார்கள். இடது காதில் இகாமத் பற்றிய ஹதீஸ் இதைவிட மிகப் பலவீனம், அதை ஆதாரமாக எடுக்கவே முடியாது. மாலிக் இமாம் இந்தப் பழக்கத்தை விரும்பவில்லை என்று அவர் மத்ஹபு நூல்களிலேயே இருக்கிறது.

மறுபக்கம் ஹனஃபி, ஷாஃபி, ஹன்பலி நூல்கள் மூன்றும் இதை விரும்பத்தக்கது என்கின்றன. தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்ததும் அவர்களுக்கு ஒரு பலம். ஆகவே சொல்கிறவரை வழிகெட்டவர் என்பதும், சொல்லாதவரைப் பிள்ளை மேல் அக்கறை இல்லாதவர் என்பதும் இரண்டுமே அதிகம். என் பேரப்பிள்ளைகளுக்கு நான் சொன்னேன். பிரசவ வார்டு வாசலில் அண்ணனும் தம்பியும் இதற்காகச் சண்டை போட்டதையும் பார்த்திருக்கிறேன். உள்ளே அந்தப் பெண்ணுக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஏழாம் நாள்னா எப்படி எண்றது? எங்க பிள்ளை வியாழன் ராத்திரி 8.40க்குப் பொறந்தான். நானி புதன் சொல்றாங்க, மாமியார் வியாழன் சொல்றாங்க."

மாமியார் சொல்வது சரி. நம் கணக்கில் மஃரிபோடு அடுத்த நாள் தொடங்கிவிடும். வியாழன் இரவை 'வெள்ளி ராவு' என்று சொல்கிறோமே, அதுதான் விஷயம். 8.40க்குப் பிறந்தவன் வெள்ளிக்கிழமைப் பிள்ளை. பிறந்த நாளையும் சேர்த்து எண்ணுங்கள்: வெள்ளி ஒன்று, சனி இரண்டு, ஞாயிறு மூன்று, திங்கள் நான்கு, செவ்வாய் ஐந்து, புதன் ஆறு, வியாழன் ஏழு. அதே பிள்ளை வியாழன் பகல் 3 மணிக்குப் பிறந்திருந்தால் நானி சொன்ன புதன் சரியாகியிருக்கும்.

சுலபமாக நினைவில் வைக்க, பிறந்த கிழமைக்கு முந்தின கிழமை என்று சொல்வார்கள். கிழமையை மஃரிபை வைத்துத் தீர்மானித்தால் போதும்.

இந்த வீட்டின் கதையை இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏழாம் நாள் அவர்கள் திட்டப்படி நடக்கவில்லை. கருவி வைத்து எடுத்த பிரசவம். குழந்தையின் உச்சந்தலையில் கப் வைத்த இடம் வீங்கி, தோல் சிராய்த்திருந்தது. நான்காம் நாள் மஞ்சள் காமாலைக்கு நீல விளக்கின் கீழ் வைத்தார்கள். புதன் மாலை வீடு வந்தார்கள். வியாழன் காலை முடி எடுக்க ஆளைச் சொல்லி, பிரியாணிக்கு தேக்சா வரைக்கும் வாடகைக்கு எடுத்தாகிவிட்டது. போன் செய்து கேட்டார்கள். நான் சொன்னது இதுதான்: பெயரை இன்று வையுங்கள், முடியைத் தள்ளிப் போடுங்கள்.

இந்த மூன்றையும் ஒரே நாளில் ஒரே முடிச்சாகக் கட்ட வேண்டும் என்று எந்த நூலிலும் இல்லை. பாங்கு முதல் நாளில் சொல்லியாகிவிட்டது. பெயர் ஏழில் வைத்தார்கள். சிராய்ப்பு ஆறி, டாக்டரும் பார்த்த பிறகு 14ஆம் நாள், அதாவது அடுத்த வியாழன், முடி எடுத்தார்கள். ஏழு தவறினால் 14, அதுவும் தவறினால் 21 என்பது ஆயிஷா (ரலி) அவர்கள் சொன்னதாக வரும் செய்தி. அதற்குப் பிறகு எந்த நாளானாலும் சரி. பிரியாணி மட்டும் வியாழனே நடந்தது, தேக்சா வாடகை வீணாகவில்லை.

"ஆஸ்பத்திரியில அன்னைக்கே பேர் கேட்டாங்க. ஏழாம் நாள்தானே வைக்கணும்?"

இரண்டு நாளுக்கும் ஆதாரம் இருக்கிறது. 'நேற்றிரவு எனக்கு ஒரு மகன் பிறந்தான், என் தந்தை இப்ராஹீமின் பெயரை அவனுக்கு வைத்தேன்' என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னது முஸ்லிமில் வருகிறது. அது முதல் நாள். ஏழாம் நாள் குழந்தைக்காக அகீகா ஆடு அறுத்து, தலைமுடி களைந்து, பெயர் வைக்கப்படும் என்று ஸமுரா (ரலி) அறிவிப்பது ஏழாம் நாளுக்கு ஆதாரம். பெயர் முடிவாகிவிட்டால் முதல் நாளே வையுங்கள். இல்லாவிட்டால் யோசிக்க ஏழு நாள் இருக்கிறது.

அரசாங்கப் பதிவுக்காக அவசரப்பட வேண்டியதில்லை. பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், ஆனால் பெயர் இல்லாமலே பதியலாம். பெயரை 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் சேர்த்துக்கொள்ளலாம். அதற்கு மேல் தாமதக் கட்டணத்தோடு 15 வருடம் வரை சேர்க்க முடியும். ஒரு எழுத்தைத் திருத்த அலைவதைவிட, எழுத்துக்கூட்டை வீட்டில் தாளில் எழுதிப் பார்த்துவிட்டுக் கொடுப்பது சுலபம். 2023 அக்டோபர் 1க்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பள்ளியில் சேர்ப்பதிலிருந்து பல இடங்களில் பிறந்த தேதிக்கு இந்தச் சான்றிதழைத்தான் கேட்பார்கள்.

"நெட்ல பார்த்து ஒரு பேர் எடுத்து வச்சிருக்கோம். அர்த்தம் நல்லா இருந்தா போதும் இல்லையா?"

அர்த்தம் யார் சொன்னது என்று பாருங்கள். போன வருடம் ஒரு இளம் தம்பதி மகளுக்கு 'ஸானியா' என்று முடிவு செய்து, ஸ்டைலாக இருக்கட்டும் என்று ஆங்கிலத்தில் எஸ்ஸுக்குப் பதில் இசட் போட்டு எழுதிக் கொண்டுவந்தார்கள். இசட் போட்டு, அந்த உச்சரிப்பில் அரபியில் எழுதினால் அது விபச்சாரி என்ற சொல். அவர்கள் பார்த்த பக்கத்தில் 'பிரகாசமானவள்' என்று போட்டிருந்தது. தமிழில் எழுதும்போது இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. நம் எழுத்தில் 'கல்பு' என்றால் அரபியில் ஒரு ககரத்துக்கு இதயம், இன்னொரு ககரத்துக்கு நாய். ஆகவே பெயரைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ காட்டி அர்த்தம் கேட்காதீர்கள். அரபு எழுத்தில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். வேலூர்க்காரர்களுக்கு இதில் குறையே இல்லை, பாக்கியாத் மதரஸாவில் ஓதிய பாக்கவி ஆலிம் ஒருவர் எந்தத் தெருவிலும் கிடைப்பார்.

அடுத்தது 'அப்துல்' விவகாரம். அப்துர் ரஹ்மான் என்றால் ரஹ்மானின் அடிமை. அதை இரண்டாக உடைத்துப் பள்ளியில் 'அப்துல்' என்று கூப்பிடுகிறார்கள். அது பாதி வாக்கியம், '-இன் அடிமை' என்று நின்றுவிடுகிறது. வெறும் 'ரஹ்மான்' என்று கூப்பிடுவது அதைவிடப் பெரிய தவறு, அது அல்லாஹ்வுக்கு மட்டும் உரிய பெயர். அல்லாஹ்வுக்கு மிகவும் பிடித்த பெயர்கள் அப்துல்லாஹ்வும் அப்துர் ரஹ்மானும் என்று ஹதீஸ் இருக்க, வைத்த பிறகு இப்படி உடைப்பது பொருந்தவில்லை. சான்றிதழில் இடைவெளி விடாமல் ஒரே சொல்லாக எழுதிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

பெயருக்கு நல்ல அர்த்தம் இருந்தும் நபி (ஸல்) அவர்கள் தவிர்க்கச் சொன்ன பெயர்கள் உண்டு என்பது பலருக்கு ஆச்சரியம். யஸார், அஃப்லஹ் போன்றவை. வசதி, வெற்றி என்று பொருள். காரணத்தையும் சேர்த்தே சொன்னார்கள்: 'அவன் அங்கே இருக்கிறானா?' என்று கேட்பாய், இல்லாவிட்டால் 'இல்லை' என்று பதில் வரும். நம் வீட்டில் 'பரக்கத் இருக்காளா?', 'இல்லையே, வெளியே போயிட்டா' என்பதுபோல. ஹராம் அல்ல, வைத்துவிட்டவர்கள் மாற்ற ஓட வேண்டாம். ஆனால் ஒரு பெயர் தினமும் வாயில் எப்படிப் புரளும் என்று அந்த அளவுக்கு யோசித்திருக்கிறார்கள். அர்த்தமே மோசமாக இருந்தால் மாற்றியே ஆக வேண்டும். ஆஸியா, அதாவது மாறு செய்பவள், என்ற பொருளில் பெயர் இருந்த பெண்ணுக்கு ஜமீலா என்று மாற்றியது முஸ்லிமில் இருக்கிறது. ஃபிர்அவ்னின் மனைவி ஆசியா அம்மையாரின் பெயருக்கு எழுத்து வேறு, அதைத் தாராளமாக வைக்கலாம். பார்த்தீர்களா, மறுபடி எழுத்துப் பிரச்சினைதான்.

"முடி எதுக்கு எடுக்கணும்? பொம்பளைப் பிள்ளைக்கும் எடுக்கணுமா? சில்லா 40 கழியட்டும்னு வீட்ல சொல்றாங்க."

காரணத்தை அந்தக் காலப் பழக்கத்தோடு வைத்துப் பார்த்தால் விளங்கும். இஸ்லாத்துக்கு முன் ஆடறுத்து அதன் இரத்தத்தைக் குழந்தை தலையில் பூசுவார்கள். பிறகு இரத்தம் போய், முடி களைந்து குங்குமப்பூ பூசும் வழக்கம் வந்தது என்று புரைதா (ரலி) சொல்வது அபூதாவூதில் இருக்கிறது. ஹதீஸில் அந்த முடியைத் 'தொல்லை' என்று சொல்லி அகற்றச் சொல்கிறார்கள். முடியின் எடைக்கு வெள்ளி தர்மம் செய்வது இதோடு சேர்ந்தது. ஆக, பிள்ளை சுத்தமாகிறது, ஏழைக்கு ஏதோ போகிறது. முடி எடுத்தால் அடர்த்தியாக வளரும் என்பது காரணம் அல்ல, அது உண்மையும் அல்ல. முடியின் தடிமன் தோலுக்கு அடியில் உள்ள வேரில் தீர்மானமாகிறது, பிளேடு அதைத் தொடுவதில்லை.

பெண் குழந்தைக்கு ஷாஃபி, மாலிகி இரண்டிலும் உண்டு. ஃபாத்திமா (ரலி) தம் மகள்கள் ஸைனப், உம்மு குல்தூம் முடியையும் நிறுத்து வெள்ளி கொடுத்ததாக முவத்தாவில் வருகிறது. நாற்பது நாள் கணக்கு தாயின் ஓய்வுக்காக வீடுகளில் வைத்தது. முடிக்கும் அதற்கும் தொடர்பில்லை. நடுவில் குடுமி மாதிரி கொஞ்சம் விட்டு, நாகூரில் வந்து எடுக்கிறேன் என்று நேர்வதை விட்டுவிடுங்கள். பாதி மழித்துப் பாதி விடுவதற்கே நேரடித் தடை புகாரியில் இருக்கிறது.

"முடியை எப்படி நிறுத்துப் பார்க்கறது? எவ்வளவு வெள்ளி வரும்?"

பயப்படும்படி எதுவும் வராது. ஹசனின் முடியை நிறுத்தபோது ஒரு திர்ஹம் அல்லது அதில் ஒரு பகுதி இருந்தது என்று திர்மிதியில் வருகிறது. அதன் தொடர் அறுந்திருக்கிறது என்று திர்மிதியே எழுதியிருக்கிறார். ஒரு திர்ஹம் ஏறக்குறைய 3 கிராம்.

மேலே சொன்ன, 14ஆம் நாள் முடி எடுத்த வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். சலூன்காரர் புது பிளேடை அவர்கள் கண்முன்னே பிரித்தார். இதைக் கேட்டு வாங்குங்கள், ஒருவர் தலையில் பட்ட பிளேடு மஞ்சள் காமாலை வைரஸை இன்னொருவருக்குக் கொண்டுபோகும். குழந்தை பால் குடித்துத் தூங்கும் நேரம் பார்த்து, நானி மடியில் ஒரு கை தாடையிலும் ஒரு கை பிடரியிலும் வைத்துப் பிடித்தார். சலூன்காரர் உச்சிக்குழிக்கு மேல் பிளேடை அழுத்தாமல் தோலோடு படியவிட்டு இழுத்தார். வெதுவெதுப்பான தண்ணீர் தடவித்தான் எடுத்தார், அங்கேதான் தப்பு நடக்கும். ஈர முடியை அப்படியே மடித்துக் கடைக்குக் கொண்டுபோனால் தண்ணீருக்கும் சேர்த்து வெள்ளி கொடுப்பீர்கள். வெள்ளைத் துணியில் விழவைத்து, மின்விசிறி இல்லாத இடத்தில் ஒரு மணி நேரம் காயவைத்தார்கள். பிறகு நகைக்கடைத் தராசில் முதலில் வெறும் தாளை வைத்து எண்ணைச் சுழியாக்கிவிட்டு, அதன் மேல் முடியை வைத்தார்கள். 860 மில்லி, அதாவது ஒரு கிராமுக்கும் குறைவு. அன்றைய வெள்ளி விலையில் ஒரு கிராமுக்கான பணத்தைக் கொடுத்தார்கள். வெள்ளிக் காசாகவே கொடுக்க வேண்டியதில்லை. முடியை வீட்டுக் கொல்லையில் முருங்கை மரத்தடியில் புதைத்தார்கள்.

குறைமாதக் குழந்தை, எடை ஏறாத குழந்தை, தலையில் புண்ணோ வீக்கமோ உள்ள குழந்தை என்றால் முடியைத் தொடாதீர்கள். எடுக்காமலே உத்தேசமாக ஒரு கிராம் வெள்ளிக்குப் பணம் கொடுத்துவிடலாம்.

"அகீகா ஆட்டுக்குக் காசில்ல. கடன் வாங்கணுமா?"

வேண்டாம். ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று என்பது முடிந்தவருக்கு. ஆணுக்கு ஒன்று கொடுத்தாலும் நிறைவேறும். ஹனஃபியில் இது விரும்பத்தக்கது, ஷாஃபியில் வலியுறுத்தப்பட்ட சுன்னத்து, இரண்டிலும் கடமை அல்ல. பேரணாம்பட்டில் தோல் ஷாப்பில் வேலை செய்யும் ஒருவர் இதற்காக வட்டிக்கு வாங்கிவிட்டு வந்து கேட்டார். அறுத்தது சுன்னத்து, வாங்கிய வட்டி ஹராம் என்று சொல்லும்போது எனக்கே கஷ்டமாக இருந்தது. முடி எடுத்து அந்த 860 மில்லிக்கு வெள்ளி கொடுப்பதற்கு யாரிடமும் கை நீட்ட வேண்டியதில்லை. ஆடு பிறகு கை கூடும்போது பார்த்துக்கொள்ளலாம்.